மூன்று மாதம் காலியாக இருந்த நாற்காலி

எனக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்கார வராது. அப்படிப்பட்ட எனக்கு வாய்த்ததோ மற்றவர்களை உட்கார வைக்கிற உத்தியோகம். எழுபதுகளின் நடுவில், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தெருவில், ஃபிரிட்ஜ் விற்கிற கம்பெனி ஒன்றில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். விளம்பரம் கொடுப்பது, விண்ணப்பங்களைப் பிரிப்பது, ஆட்களை வரவழைத்துப் பேசுவது, பிறகு ஒருவருக்கு ஆர்டரும் மற்றவர்களுக்கெல்லாம் வருத்தக் கடிதமும் அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. உட்கார்ந்தபடி செய்ய வேண்டிய இந்த வேலையை நான் நடந்துகொண்டே செய்தேன். என் அறையில் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சிமெண்டுத் தரை தேய்ந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் ஒருபோதும் வாதாடியதில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு நாற்காலி. அடையாறில் எங்களுக்கு ஒரு சர்வீஸ் டிப்போ இருந்தது. அதன் வாசலில் ஒரு கவுண்டர். ஃபிரிட்ஜ் கெட்டுப்போனவர்கள் அங்கே வந்து புகார் சொல்ல வேண்டும். கேட்டு எழுதிக்கொண்டு, எந்த வீட்டுக்கு எந்த மெக்கானிக் எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த நாற்காலி மூன்று மாதமாகக் காலி. அதில் கடைசியாக இருந்தவர் ஒருநாள் மதியம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மறுநாள் அவருடைய தம்பி வந்து டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அவர் கொடுத்த ராஜினாமா.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் அப்போது வசதியானவர்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பெரிய அதிகாரிகள். சாயந்திரமானால் ஊரில் பாதித் தெருக்களில் விளக்கு மங்கும். கரண்ட் குறைந்தால் ஃபிரிட்ஜ் பெட்டியின் மோட்டார் கிளம்பாது, டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். பால் திரிந்துபோகும். திரிந்த பாலுக்கு மின்சார வாரியத்தை யாரும் திட்டுவதில்லை, கவுண்டரில் இருக்கிற ஆளைத்தான் திட்டுவார்கள். நான் உள்ளுக்குள்ளேயே இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

டிப்போவின் சர்வீஸ் மானேஜர் மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் விபூதி அழியாத மனிதர். காலையில் நான் பையை வைப்பதற்குள் போன் வந்துவிடும். ஆள் உண்டா என்பார். இல்லை என்றால், நானே அந்த நாற்காலியில் உக்காந்துண்டு திட்டு வாங்கிண்டிருக்கேன், மெக்கானிக்குகளை யார் மேய்ப்பா என்பார். கோபமே இல்லாத குரலில் சொல்வார். அதுதான் என்னை அதிகமாகக் குடைந்தது.

இது இப்படியிருக்க, நாங்கள் அந்தச் சமயத்தில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தது வேறொரு வேலைக்கு. விற்பனைப் பிரதிநிதி, ஒரே ஓர் இடம். டை, தோல் பை, கமிஷன், நாளடைவில் ஒரு ஸ்கூட்டர். அதற்கு வந்த விண்ணப்பங்களைக் கட்டி வைக்கக் கயிறு போதவில்லை. எல்லோருக்கும் வேண்டிய ஒரு நாற்காலி, யாருக்கும் வேண்டாத ஒரு நாற்காலி, இரண்டும் என் தலையில்.

நேர்முகத்துக்கு அழைத்தவர்களில் ஒருவர் தெற்கேயிருந்து வந்தவர், திருநெல்வேலிப் பக்கம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பி.யூ.சி. படித்துவிட்டு, தி. நகரிலேயே ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். கடை அவருடைய அக்காவின் கணவருக்குச் சொந்தம். அத்தானுக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன், தயவுசெய்து கடைக்குக் கடிதம் எதுவும் போட வேண்டாம் என்று உட்கார்வதற்கு முன்பே சொன்னார். அதற்காக ஒரு சிநேகிதனின் அறை முகவரியைத்தான் கொடுத்திருந்தார்.

எங்கள் விற்பனை மானேஜருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வியெல்லாம் கேட்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான்தான் கஸ்டமர், எனக்குப் பெரிய பெட்டியை விற்றுக் காட்டு என்பார். வந்தவர்கள் எல்லோரும் படபடவென்று பெட்டியின் புகழைப் பாடினார்கள். இந்த இளைஞர் மட்டும் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை பேர், சமையல் ஒரு வேளையா இரண்டு வேளையா, மாமிசம் உண்டா, பெட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள், அங்கே வெயில் அடிக்குமா, சாயந்திரம் விளக்கு மங்குமா. விற்பனை மானேஜர் முதலில் கற்பனையாகப் பதில் சொன்னார். நாலாவது கேள்வியிலிருந்து தன் சொந்த வீட்டையே சொல்லிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இளைஞர், உங்களுக்குப் பெரிய பெட்டி வேண்டாம், சின்னது போதும், அதையும் கரண்டைச் சரிசெய்துகொண்டு தை மாதத்துக்கு மேல் வாங்குங்கள் என்றார்.

கணக்குப் பிரிவிலிருந்து வந்து கூட உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். விற்பனை மானேஜர் சிரிக்கவில்லை. இளைஞர் வெளியே போனதும், "இன்னா சார் இது, நம்ம ஆளே நம்ம சரக்க வேணாங்கிறான். இவன வச்சிக்கினு மாசக் கடைசில நான் இன்னா பண்றது?" என்றார்.

அவர் சொன்னது சரி. அதை அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. பட்டியலில் அந்தப் பெயரை அடித்த பேனா என்னுடையதுதான். ஆனால் அடித்த அடுத்த விநாடி என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நாலு தடவை நடந்தேன். இந்த மனிதன் விற்கத் தெரியாதவன், சரி. ஆனால் கேட்கத் தெரிந்தவன். எதிராளி தன் வீட்டை முழுக்கத் திறந்து காட்டுகிற மாதிரி கேட்கிறான். மூன்று மாதமாக எனக்கு வேண்டியது இதுதானே?

உடனே அடையாறுக்கு போன் போட்டேன். சர்வீஸ் மானேஜர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நம்ம ஆத்துப் பெட்டியைப் பத்தி என்னையே யாரும் இத்தனை கேட்டதில்லை என்று சிரித்தார். பிறகு, "பையனைப் பாக்கறேன். ஆனா நான் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க வாக்கு குடுத்துடாதேள். உங்க அவசரம் எனக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அப்படியும் நான் கெடுத்தேன்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. வந்தவர்கள் எல்லோரும் முடிவு தெரியட்டும் என்று அதில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இளைஞரைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு, முதலில் இல்லை என்பதைச் சொல்லி, அதன் காரணத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு மற்றதைப் பேச வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எங்கே இருந்தது? நேராக பெஞ்சுக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், உங்களுக்கு ஒரு வேலை இருக்கு என்றேன்.

அவர் எழுந்து நின்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. அதற்கப்புறம் நான், விற்பனையில் இல்லை, அடையாறு டிப்போவில் புகார் கவுண்டரில் என்றேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறின. பெஞ்சின் கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"நான் கேட்ட வேலை இல்லையா சார்?" என்றார்.

இல்லை என்றேன்.

"இது எவ்வளவு நாளா காலியா கெடக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. மூன்று மாதம் என்றேன்.

அவர் சர்ட்டிபிகேட் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "எங்க கடையிலயும் இப்படித்தான் சார். கேட்டது இல்லன்னா ஆளை விடமாட்டோம். வேற ஒண்ணை எடுத்துப் போடுவோம். எதை எடுத்துப் போடுவோம் தெரியுமா? ரொம்ப நாளா விக்காம கெடக்குற சரக்கைத்தான்" என்றார். வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடப் போகவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நல்லது சொல்லப் போனவனைப் பிடித்து வியாபாரி ஆக்கிவிட்டானே என்று. அன்று மாலை பஸ்ஸில் ஏறவில்லை. தி. நகரிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தே போனேன். ஆழ்வார்ப்பேட்டை தாண்டுவதற்குள் எரிச்சல் தீர்ந்துபோய், அதற்குக் கீழே இருந்த வெட்கம் மேலே வந்துவிட்டது. அவன் சொன்னதில் பொய் எங்கே? அந்த வேலை விற்காத சரக்குதான். அவனைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, சரக்கு விலைபோகப் போகிறது என்கிற சந்தோஷம்தான். மறுபாதி வேறு. அந்த மறுபாதியை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தும் எழுந்துகொண்டேன். ரசத்தை ஊற்றிவிட்டு நிற்கிறேன், நீங்கள் நடக்கிறீர்கள் என்றாள் மனைவி. நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையனுக்கு அந்த வேலை ஏன் நல்லது என்று அவனிடம் சொன்னீர்களா? இல்லை என்றேன். பின்னே அவன் என்ன நினைப்பான் என்று சொல்லிவிட்டு அப்பளத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை, விற்பனைக்குத் தேர்வான ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வருத்தக் கடிதம் தயாரானது. ஒரே அச்சு, பெயர் மட்டும் வேறு. அவருடைய கடிதத்தை மட்டும் நான் எடுத்து வைத்துவிட்டேன். பெஞ்சில் பட்டதே போதும், அதை எழுத்திலும் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய கருணை செய்துவிட்ட மாதிரி இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜவுளிக் கடையைத் தேடிக்கொண்டு கிளம்பினேன். எந்தக் கடை என்று விண்ணப்பத்தில் இருந்தது.

படியேறிய பிறகுதான் மூளை வேலை செய்தது. உள்ளே நவராத்திரிக் கூட்டம். தீபாவளிச் சரக்கு கட்டுக் கட்டாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் கனத்த உடம்போடு ஒருவர் உட்கார்ந்து கடை முழுவதையும் கண்ணாலேயே துழாவிக்கொண்டிருந்தார். அத்தான். நான் இன்னார் என்று தெரிந்தால் இந்தப் பையனின் பிழைப்பு போய்விடும். திரும்பிப் போகவும் வழியில்லை, அதற்குள் அவர் வாங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டார்.

பையன் என்னைப் பார்த்து ஒரு கணம் மரமாக நின்றார். பிறகு, "வாங்க சார், சட்டைத் துணியா?" என்று ஒரு பீஸை எடுத்து விரித்தார். நான் குனிந்து துணியைத் தடவியபடி, நேற்று சொல்ல வேண்டியதை இன்று வரிசையாகச் சொன்னேன். நீங்கள் கேட்ட வேலை உங்களுக்குக் கிடையாது. அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் எத்தனை பெட்டி போச்சு என்று மட்டும்தான் அங்கே கேட்பார்கள், நீங்கள் தள்ளிவிட மாட்டீர்கள். அவர் முகம் இறுகியது. ஏன் சார், இங்கே விற்காமலா இருக்கேன் என்றார்.

அந்த நேரத்தில் கல்லாவிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "சாருக்கு அந்தப் புது ரகத்தை எடுத்துப் போடுல."

அவர் போய் எடுத்து வந்தார். பளபளவென்று நீலம். என் முன்னால் விரித்துவிட்டு, உதடு அசையாமல், "இது வேணாம் சார், சாயம் நிக்காது" என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதைத்தான் ஐயா சொல்கிறேன் என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. துணியால் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகப் போனது. அந்த வேலையில் இருக்கிற கெட்டதையெல்லாம் முதலில் சொன்னேன். வருகிறவர் எல்லோரும் கோபத்தோடுதான் வருவார்கள். கமிஷன் கிடையாது. ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். முன்பு இருந்தவர் டிபன் கேரியரைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். சர்வீஸ் மானேஜர் உங்களைப் பார்த்துப் பிடித்தால்தான் வேலையே, நான் நேற்று அளந்தது அதிகம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நேற்று நீங்கள் கேட்ட கேள்விகளை எங்கள் டிப்போவில் யாருமே கேட்பதில்லை, அதனால்தான் உங்களை நினைத்தேன் என்றேன்.

அவர் வேறொரு துணியை எடுத்துக்கொண்டு, "வெளிச்சத்துல பாருங்க சார்" என்று வாசலுக்கு நடந்தார். தி. நகரில் அது பழக்கம். ட்யூப் லைட்டில் எல்லா நிறமும் நன்றாகத்தான் இருக்கும், வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அங்கே அத்தானின் காது எட்டாது. துணியை வெயிலில் பிடித்தபடி அவர் பேசினார். கடை மாடியில் துணிக் கட்டுகளுக்கு நடுவில்தான் படுக்கை. சாப்பாடு அக்கா வீட்டில். சம்பளம் என்று எதுவும் கையில் தருவதில்லை, உன் கணக்கில்தான் இருக்கிறது என்பார் அத்தான். தப்பான மனுஷன் இல்லை சார், ஆனால் எனக்கு அக்கா வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றார். கண் கலங்கியிருந்தது. வெயிலாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன், அவருக்கும் அதுதான் வசதி.

பிறகு, "நானும் ஒருக்கா வெளிச்சத்துல பாக்கணும் சார். அந்தக் கவுண்டர்ல அரை நாள் நின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு அந்தக் கணமே அவர் சரி என்று சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் பல்வலி என்று சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. அத்தான் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்குத் தேவையே இல்லாத ஒரு சட்டைத் துணியை வாங்கிக்கொண்டு ஆபீஸ் திரும்பினேன். சாயம் நின்றது.

சனிக்கிழமை நான் அடையாறுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன். சர்வீஸ் மானேஜர் என்னைப் பார்த்து, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நடக்கற மாதிரி நடக்காதேள், உள்ளே வந்து உக்காருங்கோ என்றார். உட்கார்ந்தேன், எழுந்தேன். கவுண்டரில் பையன் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார்.

முதலில் ஒரு மாமி வந்தார், காந்தி நகரிலிருந்து. பெட்டி குளிரவே இல்லை, நெருப்பாகச் சுடுகிறது, உங்கள் கம்பெனியே மோசம் என்றார். வழக்கமாக 'குளிரவில்லை' என்று ஒரு சீட்டில் எழுதி, ஒரு வாரத்தில் மெக்கானிக் வருவார் என்று அனுப்புவோம். பையன் சர்வீஸ் மானேஜர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். எங்கே சுடுகிறது, எந்த நாளிலிருந்து என்று கேட்டுவிட்டு, "வீட்டுல சமீபத்துல எதையாவது இடம் மாத்துனீங்களாம்மா?" என்றார். மாமி யோசித்தார். கொலுப்படி வைக்க இடம் போதாமல் பெட்டியைத் தள்ளிச் சுவரோடு ஒட்டினோம் என்றார். சர்வீஸ் மானேஜர் மெதுவாக, பின்னால் காத்து போக ஒரு ஜாண் இடம் விட்டுத் திருப்பிப் போடுங்கோ, நாளைக்கும் குளிரலேன்னா ஆள் அனுப்பறேன் என்றார். பையனுக்கு ஃபிரிட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதற்கு அந்தக் கேள்வி கேட்டீர்கள் என்று நான் பிற்பாடு கேட்டபோது, நேற்றுவரை நன்றாக இருந்தது இன்றைக்குக் கெட்டது என்றால் நடுவில் யாரோ எதையோ செய்திருக்க வேண்டும் சார், துணி திரும்பி வந்தாலும் இதைத்தான் கேட்போம் என்றார்.

ஆனால் அடுத்து வந்த பெசன்ட் நகர் ஆளிடம், பாவப்பட்டு, இன்று சாயந்திரமே மெக்கானிக் வருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஷெட்டிலிருந்து மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு இன்னிக்கேன்னு சொன்னாரு? என் தலை மேல இருக்கிற வீடே தீராம கீது, இவரு புச்சா ஒண்ணு ஏத்திக்கினு போறாரு" என்றார். சர்வீஸ் மானேஜர் முகம் சுருங்கியது. பையன் மெக்கானிக்கிடம் தப்புதான் அண்ணே என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய் அந்த ஆளை நிறுத்தி, இன்றைக்கு முடியாது, திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அந்த ஆள் திட்டினாரா என்று கேட்டோம். நல்லாவே திட்டினார் என்றார்.

மத்தியானம் சர்வீஸ் மானேஜர் என்னைத் தனியே அழைத்து, எனக்குப் போதும், நீங்க ஆர்டர் போடுங்கோ என்றார். பையனும் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தீபாவளி முடிந்த பிறகுதான் வருவேன். சீசனில் கடையை விட்டுவிட்டு வந்தால் அது அத்தானுக்குச் செய்கிற துரோகம் என்றார். சர்வீஸ் மானேஜர் முடியாது என்றார், திங்கட்கிழமையே வேண்டும் என்றார். நான் சண்டை போட்டேன். மூன்று மாதம் காலியாக இருந்தது இன்னும் மூன்று வாரம் காலியாக இருந்தால் என்ன, தனக்குச் சோறு போட்டவரை நட்டாற்றில் விட்டுவிட்டு வராத ஆள்தானே உமக்கும் வேண்டும் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்த மூன்று வாரமும் அவர் போனில் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்.

எனக்கு அந்த மூன்று வாரம் போனதே தெரியவில்லை என்று சொல்ல ஆசைதான். ஒவ்வொரு நாளும் தெரிந்தது. அத்தான் மனம் மாறி அவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டால்? அக்கா அழுதுவிட்டால்? ஆபீசுக்கு வரும்போதும் போகும்போதும் அந்தக் கடைத் தெரு வழியாகவே போனேன். உள்ளே பார்க்காமல் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்து, ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அவர் ஏணியில் ஏறித் துணி எடுத்துக்கொண்டிருப்பார். கூட்டம் நெரியும். ஒரு தடவைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தீபாவளி முடிந்து, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். புதுச் சட்டை. அத்தான் கடை ஆட்கள் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த துணியாம். அத்தானிடம் சொல்லிவிட்டேன் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். கணக்கைப் பார்த்துக் கையில் கொடுத்தார், போய்ட்டு வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல சார் என்றார். சிநேகிதன் அறையில் பெட்டியை வைக்க இடம் இருக்கிறதாம், அன்று ராத்திரியே போக வேண்டும்.

நான் உற்சாகமாக மேஜையிலிருந்து நியமன உத்தரவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மொதல்ல அந்த இன்னொரு கடிதம் வேணும் சார். சேல்ஸ் வேலை எனக்கு இல்லன்னு போடுத கடிதம். எல்லாருக்கும் போச்சாமே, பெஞ்சுல கூட இருந்த ஒருத்தர் கடைக்கு வந்தப்போ சொன்னாரு. எனக்கு மட்டும் வரல."

அது எதற்கு இப்போது, மனசு நோகுமே என்று நான் எடுத்து வைத்தேன் என்றேன்.

"நோகும் சார். நோகட்டும். கேட்டது இல்லன்னு நேராச் சொன்னா, பெறகு நான் எடுத்துக்கிடுறது நானா எடுத்துக்கிட்டது. சொல்லாம குடுத்தா, அது என் தலையில கட்டுனது."

இழுப்பறையைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியோடு அந்தக் கடிதம் அங்கேயே கிடந்தது. விற்பனைப் பிரதிநிதி பதவிக்குத் தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் நின்றபடியே அதை முழுக்கப் படித்தார். முகம் வாடியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. நாலாக மடித்துப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போ அதைக் கொடுங்க சார் என்று கையை நீட்டினார்.

நியமன உத்தரவு இரண்டு பக்கம். அவர் ஒரு வரி விடாமல் படித்தார். ஆறு மாதம் என்பது இன்றிலிருந்தா, ஒன்றாம் தேதியிலிருந்தா என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவர் படித்து முடித்துக் கையெழுத்துப் போடும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.